பாதி ஷேர் கையில் இருந்தும் கம்பெனியை மூட முடியவில்லை. கோர்ட்டில் மனு போட யாருக்கு உரிமை?

நூல்கண்டு, திருப்பூர்

வணக்கம்ங்க. கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுத்துக்கணும்.

எங்களுடையது துணிக்கு காம்பேக்டிங், பிரிண்டிங் ஜாப் ஒர்க் பண்ற பிரைவேட் லிமிடெட். 2012-ல் அப்பாவும் அவர் நண்பரும் ஆளுக்குப் பாதி போட்டு ஆரம்பிச்சாங்க. ரத்த சொந்தம் இல்லைன்னாலும் நான் அவரை மாமான்னுதான் கூப்பிடறது. அப்பா, மாமா, நான், மூணு பேரும் டைரக்டர். போன வருஷம் அப்பா தவறிட்டார். அவருடைய ஷேர் என் பெயருக்கு மாறி மூணு மாசம்தான் ஆச்சு.

அதுக்கப்புறம் மாமாவுக்கும் எனக்கும் எதுவுமே ஒத்து வரலை. பிரிண்டிங் மெஷின் ஒண்ணை அவர் மருமகன் யூனிட்டுக்கு அனுப்பிட்டார். வாடகை ஒரு ரூபாய் கிடையாது. போர்டு மீட்டிங்குக்கு நோட்டீஸ் விட்டா வர்றதில்லை. ரெண்டு வருஷக் கணக்கு கையெழுத்துக்காக ஆடிட்டர் மேஜையில கிடக்குது. அப்பா இருந்தப்ப அவர் ஒரு வார்த்தை சொன்னா மாமா கேட்டுக்குவார். இப்ப நடுவுல ஆள் இல்லை.

பேங்க் கடன் கிடையாது. கெமிக்கல், கரண்டு, விறகு எல்லாம் சேர்த்து வெளியே கொடுக்க வேண்டியது 31 லட்சம். பார்ட்டிங்க கிட்ட இருந்து வர வேண்டியது 60 லட்சத்துக்கு மேல. மெஷின் விலை தனி. ஆக நட்டக் கம்பெனி இல்லீங்க. இருக்கும்போதே கணக்கை முடிச்சு ஆளுக்குப் பாதி எடுத்துட்டு விலகிடலாம்ங்கறது என் எண்ணம்.

ஆடிட்டர் "வாலண்டரியா மூடுங்க" என்கிறார். வக்கீல் ஒருத்தர் "கோர்ட்டுல வைண்டிங் அப் போடுங்க" என்கிறார். மாமாவோ, "ஷேர் வாங்கி ஆறு மாசம் ஆகாதவன் கோர்ட் படி ஏற முடியாது"ன்னு சிரிக்கிறார். இதுல எது சரி?

பழையபஞ்சு

தம்பி, இது ரொம்ப சுலபம். உங்களுக்குக் கெமிக்கல் கொடுத்தவர் யாரையாவது பிடிங்க. கம்பெனிக்கு 21 நாள் நோட்டீஸ் அனுப்பச் சொல்லுங்க. 500 ரூபாய்க்கு மேல பாக்கி இருந்தாலே போதும். பணம் வரலைன்னா சென்னை ஹைகோர்ட்டுல கடன்காரர் மனு போட்டு கம்பெனியைக் கலைச்சிடலாம். எங்க முதலாளி கம்பெனி அப்படித்தான் மூடுச்சு, அஃபிஷியல் லிக்விடேட்டர் வந்து சீல் வெச்சதை நேரில் பார்த்தவன் நான்.

கோவை சி.எஸ்.

பழையபஞ்சு ஐயா சொன்னது 1956-ம் வருடச் சட்டத்துக்குச் சரி. 500 ரூபாயும் மூன்று வார நோட்டீசும் அதில் அப்படியே இருந்தன. ஆனால் அந்தக் கதவு 2016 டிசம்பரோடு மூடிவிட்டது. இன்றைக்கு கலைப்பு மனு போவது ஹைகோர்ட்டுக்கு அல்ல, தேசிய கம்பெனி சட்டத் தீர்ப்பாயத்துக்கு. நமக்கு அது சென்னை ராஜாஜி சாலையில் இருக்கும் அமர்வு.

இடத்தைவிட பெரிய மாற்றம், மனு போடக்கூடியவர்களின் பட்டியல். 2013-ம் வருடச் சட்டத்தின் 272-ம் பிரிவைப் பாருங்கள். கம்பெனி போடலாம். பங்குதாரர் போடலாம். கம்பெனிகளைப் பதிவு செய்யும் அதிகாரியான ஆர்.ஓ.சி. போடலாம். மத்திய அரசு அதிகாரம் கொடுத்த ஆள் போடலாம். நாட்டின் இறையாண்மைக்கு எதிராக நடந்த கம்பெனி என்றால் மத்திய, மாநில அரசுகள் போடலாம். அவ்வளவுதான். கடன்காரர் பெயர் அந்தப் பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டுவிட்டது. "கடனைத் தீர்க்க முடியாத நிலை" என்ற காரணமும் 271-ம் பிரிவில் இப்போது இல்லை. அந்த விவகாரம் முழுக்க திவால் சட்டத்துக்குப் போய்விட்டது.

நூல்கண்டு, உங்கள் கேள்விக்கு இரவு விரிவாக எழுதுகிறேன். அதற்குள் இரண்டு விஷயம் பார்த்துச் சொல்லுங்கள். உங்கள் கம்பெனியின் உள்விதிகளான ஆர்ட்டிகிள்ஸில் சேர்மனுக்கு காஸ்டிங் வோட் இருக்கிறதா? ஷேர் உங்கள் பெயருக்கு வந்தது அப்பா காலமானதால் வாரிசாகவா, இல்லை அவர் உயிரோடு இருக்கும்போதே மாற்றியதா?

சாயத்தொட்டி, ஈரோடு

நல்ல நேரத்தில் இந்த இழை வந்தது. எனக்கும் இதே பிரச்சினை சார். நாங்கள் டையிங் யூனிட். ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனி 46 லட்சம் பாக்கி வைத்திருக்கிறது, 14 மாதம் ஆகிறது. நான் அவர்கள் மேல் வைண்டிங் அப் போடலாம் என்று இருந்தேன். இப்போது முடியாது என்கிறீர்களா? ஆனால் இஸ்ரோவின் ஆன்ட்ரிக்ஸ் நிறுவனம் தேவாஸ் கம்பெனியைக் கலைக்க வைத்ததே, அவர்கள் மட்டும் எப்படிப் போட்டார்கள்?

கோவை சி.எஸ்.

சாயத்தொட்டி சார், உங்களுடையது இதே பிரச்சினை இல்லை. நூல்கண்டு கம்பெனிக்கு உள்ளே இருக்கிறார், நீங்கள் வெளியே இருக்கிறீர்கள். சட்டம் பார்ப்பது அந்த ஒரு வித்தியாசத்தைத்தான்.

ஆன்ட்ரிக்ஸ் கடன்காரராகப் போகவில்லை. 2021 ஜனவரியில் மத்திய அரசு அதற்குத் தனியாக அதிகாரம் கொடுத்தது. அந்த அதிகாரத்தை வைத்து, "கம்பெனி மோசடி நோக்கத்தில் தொடங்கப்பட்டது, மோசடியாகவே நடந்தது" என்ற காரணத்தில் மனு போட்டார்கள். பெங்களூர் அமர்வு 2021 மே மாதம் கலைக்க உத்தரவிட்டது. உச்ச நீதிமன்றம் 2022 ஜனவரியில் அதை உறுதி செய்தது. நீங்களும் நானும் போய்க் கேட்டு வாங்கிவரும் அதிகாரமாக அதை நினைத்துத் திட்டம் போடாதீர்கள்.

உங்கள் 46 லட்சத்துக்கு, சரக்கும் வேலையும் கொடுத்தவர்கள் மனு போடும் திவால் சட்டத்தின் 9-ம் பிரிவும் திறக்காது. 2020 மார்ச் 24 முதல் குறைந்தபட்சப் பாக்கி ஒரு கோடி. அதற்கு முன்னால் ஒரு லட்சமாக இருந்தது.

பழையபஞ்சு

அப்ப இதே மாதிரி பாக்கி நிக்கிற இன்னும் ரெண்டு சப்ளையரைச் சேர்த்துக்கிட்டா ஒரு கோடி வந்துடுமே?

தாராபுரம் வக்கீல்

வராதுங்க ஐயா. பேங்க் மாதிரி பணம் கடன் கொடுத்தவர்கள் ஒன்றாகச் சேர்ந்து மனு போடலாம் என்று 7-ம் பிரிவிலேயே எழுதியிருக்கிறது. சரக்கும் வேலையும் கொடுத்தவர்களுக்கு அப்படி இல்லை. அவரவர் தனி நோட்டீஸ், தனி மனு, அவரவர் பாக்கியே ஒரு கோடியைத் தொட வேண்டும்.

சாயத்தொட்டி அண்ணா, வேலை செய்து கொடுப்பதற்கு முன்பே உத்யம் பதிவு இருந்ததா? இருந்தால் குறு, சிறு தொழில் சட்டத்தில் ஃபெசிலிட்டேஷன் கவுன்சிலுக்குப் போங்கள். எழுத்தில் ஒப்பந்தமே இருந்தாலும் 45 நாளைத் தாண்டிப் பணத்தை நிறுத்தக் கூடாது. தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டு வட்டியாக ஏறும். மிரட்டுவதற்காகக் கலைப்பு மனு போடும் காலம் போய்விட்டது. இந்த வட்டிக் கணக்கை அனுப்பிப் பாருங்கள், அவர்கள் அக்கவுண்டன்ட் எடுத்துப் படிப்பார்.

நூல்கண்டு, திருப்பூர்

பார்த்துட்டேன் சார். ஷேர் அப்பா இறந்த பிறகு வாரிசாத்தான் வந்தது. டெத் சர்டிபிகேட், வாரிசு சான்றிதழ் கொடுத்து டிரான்ஸ்மிஷன் பண்ணினோம், அன்னைக்கு மாமாவே கையெழுத்துப் போட்டார். ஆர்ட்டிகிள்ஸ்ல போர்டு சேர்மனுக்கு காஸ்டிங் வோட் இருக்கு. ஆனா சேர்மனா இருந்தவர் அப்பா. அவருக்கு அப்புறம் யாரையும் தேர்ந்தெடுக்கலை.

கோவை சி.எஸ்.

சரி, இப்போது வரிசையாகப் போவோம்.

முதலில் உங்கள் ஆடிட்டர் சொன்ன வாலண்டரி. அது இப்போது திவால் சட்டத்தின் 59-ம் பிரிவில் இருக்கிறது. பெயரில் திவால் இருந்தாலும் கடனை முழுசாக அடைக்க முடிகிற கம்பெனிக்கு மட்டும்தான் அந்த வழி. டைரக்டர்களில் பெரும்பான்மையானவர்கள் "கணக்கை முழுசாக ஆராய்ந்தோம், சொத்தை விற்றுக் கடனைத் தீர்த்துவிடுவோம், யாரையும் ஏமாற்ற மூடவில்லை" என்று அஃபிடவிட் போட வேண்டும். கடைசி இரண்டு வருட ஆடிட் கணக்கு கூடவே வர வேண்டும். அதிலிருந்து நான்கு வாரத்துக்குள் பங்குதாரர் சிறப்புத் தீர்மானம் போட வேண்டும், அதாவது விழுந்த ஓட்டில் நான்கில் மூன்று பங்கு. கடன் இருந்தால், தொகையில் மூன்றில் இரண்டு பங்கு வைத்திருக்கும் கடன்காரர்கள் ஏழு நாளில் சம்மதிக்க வேண்டும்.

பண அளவில் உங்கள் கம்பெனி இதற்குத் தகுதியானதுதான். 31 லட்சம் கடனுக்கு 60 லட்சம் வரவு எதிரில் நிற்கிறது. ஆனால் இரண்டு டைரக்டரில் பெரும்பான்மை என்றால் இரண்டு பேருமேதான். பாதி ஷேரை வைத்துக்கொண்டு முக்கால் ஓட்டு வாங்க முடியாது. ஆடிட் கணக்கில் மாமா கையெழுத்தே இல்லை. மூன்று பூட்டுக்கும் சாவி அவரிடம் இருக்கிறது. காஸ்டிங் வோட்டும் இங்கே உதவாது. அது போர்டில் ஓட்டு சமமாக நிற்கும்போதுதான். மீட்டிங்குக்கே இரண்டு பேர் வந்தால்தான் கோரம், அவர் வராமல் இருந்தால் போதும்.

அதே காரணத்தால் "கம்பெனியே மனு போடுவது" என்ற வழியும் அடைபடுகிறது. தீர்ப்பாயத்தில் கம்பெனி போய் நிற்க அதே சிறப்புத் தீர்மானம் வேண்டும்.

மிச்சம் இருப்பது பங்குதாரர் என்ற முறையில் நீங்கள் தனியாகப் போடும் மனு. காரணம், "கலைப்பதே நியாயமும் நேர்மையும்" என்று தீர்ப்பாயம் கருதும் நிலை, 271-ல் கடைசி வரி. மாமா சொன்ன ஆறு மாதம் பாதி உண்மை. மனு போடும் நாளிலிருந்து பின்னோக்கி 18 மாதத்தில் ஆறு மாதமாவது ஷேர் உங்கள் பெயரில் பதிவாகி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கம்பெனி முதலில் ஒதுக்கிய ஷேராக இருக்க வேண்டும். கலைப்பதற்கென்றே ஷேர் வாங்கிக்கொண்டு வருகிறவரைத் தடுக்க வைத்த விதி அது. ஆனால் அதே வாக்கியத்தின் முடிவில், முன்பு வைத்திருந்தவர் இறந்து அதன் மூலம் வந்த ஷேர் என்றால் அந்தக் கணக்கு கிடையாது என்று இருக்கிறது. அப்பா உயிரோடு இருக்கும்போது கிஃப்டாக எழுதிக் கொடுத்திருந்தால் நீங்கள் இன்னும் மூன்று மாதம் காத்திருக்க வேண்டியிருக்கும். டிரான்ஸ்மிஷன் பேப்பரை பத்திரமாக வையுங்கள்.

நூல்கண்டு, திருப்பூர்

சார், இந்த ஒரு பாராவுக்கே உங்களுக்குக் கடமைப்பட்டிருக்கேன். மூணு மாசமா இதை நம்பித்தான் வாயை மூடிட்டு இருந்தேன்.

அப்ப மனு போட்டா கலைச்சிடுவாங்களா?

தாராபுரம் வக்கீல்

அண்ணா, அவசரப்பட வேண்டாம். 273-ம் பிரிவில் ஒரு வரி இருக்கிறது. வேறு பரிகாரம் கையில் இருந்தும் அதைத் தேடாமல் கலைப்பை மட்டும் கேட்பது நியாயமில்லை என்று தோன்றினால் தீர்ப்பாயம் மனுவைத் தள்ளிவிடலாம். வேறு பரிகாரம் என்றால் 241, 242. பங்குதாரரை ஒடுக்குகிறார்கள், நிர்வாகம் சீர்கேடு என்று போகும் மனு. பத்தில் ஒரு பங்கு ஷேர் போதும், உங்களிடம் பாதி இருக்கிறது. ஆறு மாதப் பேச்சே அங்கே கிடையாது. ஒருவர் ஷேரை மற்றவர் நியாய விலைக்கு வாங்கிக்கொள்ள உத்தரவிட அவர்களுக்கு அதிகாரம் உண்டு. நான் உங்கள் வக்கீலாக இருந்தால் அதைத்தான் முதலில் போடுவேன். கம்பெனி உயிரோடு இருக்கும், யாரோ ஒருவர் விலகுவார்.

கோவை சி.எஸ்.

தம்பி சொல்வதில் பெரும்பகுதி எனக்கும் சம்மதம். ஆனால் வாங்க வைப்பதற்கு வாங்குகிறவரிடம் பணம் இருக்க வேண்டும். இங்கே மாமாவிடம் பணம் இல்லை என்றால், விலை நிர்ணயிக்க ஒரு வேல்யூயர், அவர் அறிக்கைக்கு ஆட்சேபம், பிறகு தவணை என்று இழுக்கும். நூல்கண்டு வாங்கத் தயாரா என்பதையும் அவர் யோசிக்க வேண்டும்.

இந்த மாதிரி வழக்குகளில் எல்லோரும் தொட்டுப் பேசுவது லண்டன் கம்பளக் கடை வழக்கு. எப்ராஹிமி, நஸார் என்ற இரண்டு பேர் கூட்டாளிகளாகக் கம்பளம் விற்றார்கள். 1958-ல் அதைக் கம்பெனியாக்கி, பிறகு நஸாரின் மகனையும் சேர்த்தார்கள். 1969-ல் அப்பாவும் மகனும் சேர்ந்து ஓட்டுப் போட்டு எப்ராஹிமியை டைரக்டர் பதவியிலிருந்து நீக்கினார்கள். டிவிடெண்ட் எப்போதும் கொடுத்ததில்லை, லாபம் எல்லாம் டைரக்டர் சம்பளமாகத்தான் போகும். ஆக, பதவி போனால் ஷேர் வெறும் காகிதம். நீக்கியது சட்டப்படி சரி என்றாலும், நம்பிக்கையின் மேல் கட்டிய கூட்டு உடைந்துவிட்டது என்று 1972-ல் பிரபுக்கள் சபை அந்தக் கம்பெனியைக் கலைக்க உத்தரவிட்டது. நம் ஊரிலும் வக்கீல்கள் அதைத்தான் எடுத்துக்கொண்டு போகிறார்கள். ஆனால் இந்தியத் தீர்ப்பாயங்கள் நன்றாக நடக்கிற, லாபத்தில் இருக்கிற கம்பெனியைக் கலைக்க லேசில் சம்மதிப்பதில்லை.

அதனால் நூல்கண்டு காட்ட வேண்டியது "மாமாவோடு எனக்கு ஆகவில்லை" என்பதல்ல. கம்பெனி நகரவே முடியாமல் நிற்கிறது என்பதைக் காட்ட வேண்டும். போர்டு மீட்டிங் நோட்டீஸ்கள், அவர் வராததற்கான பதிவு, கையெழுத்தாகாத கணக்கு, மெஷின் வெளியே போன டெலிவரி சலான். இதெல்லாம் தேதியோடு வேண்டும்.

இன்னொன்று. கலைப்பு உத்தரவு வந்தால் அது மனு தாக்கலான நாளிலிருந்தே தொடங்கியதாகக் கணக்கு. அந்த நாளுக்குப் பிறகு தீர்ப்பாயத்தின் அனுமதியில்லாமல் கம்பெனி சொத்தை யாருக்காவது மாற்றினால் செல்லாது. அதற்கு முன் போன மெஷினுக்கு அது தானாகப் பொருந்தாது. ஆனால் அது வெறும் இரவல் என்றால், கம்பெனி சொத்து என்று லிக்விடேட்டர் திரும்பக் கேட்கலாம்.

கணக்குப்புலி

இவ்வளவு சிரமம் எதுக்கு? ஐந்து வருஷம் தொடர்ந்து ரிட்டர்ன் போடலைன்னா அதுவே கலைப்புக்கு ஒரு காரணம்னு சட்டத்துல இருக்கு. ரெண்டு வருஷம் ஏற்கனவே போயாச்சு. இன்னும் மூணு வருஷம் சும்மா இருங்க, ஆர்.ஓ.சி.யே மூடிடும்.

கோவை சி.எஸ்.

தயவுசெய்து இதை யாரும் செய்யாதீர்கள். ஐந்து வருடம் என்ற காரணம் சட்டத்தில் இருப்பது உண்மை. ஆனால் அந்தக் காரணத்தில் ஆர்.ஓ.சி. மனு போட மத்திய அரசின் முன் அனுமதி வாங்க வேண்டும். நடைமுறையில் அவர்கள் பெரும்பாலும் பெயரை ரெஜிஸ்டரிலிருந்து அடித்துவிடுவார்கள், அது கலைப்பு அல்ல. லிக்விடேட்டர் வந்து பாக்கியை வசூலித்து ஆளுக்குப் பாதி பிரித்துத் தரமாட்டார், டைரக்டர்களின் பொறுப்பும் போகாது.

அதற்கு முன்பே மூன்றாவது வருடம் தாண்டினால் நூல்கண்டு ஐந்து வருடத்துக்கு எந்தக் கம்பெனியிலும் புதிதாக டைரக்டராக முடியாது. கணக்குக்கான AOC-4, ஆண்டு ரிட்டர்னுக்கான MGT-7 இரண்டுக்கும் தாமதக் கட்டணம் ஒரு படிவத்துக்கு ஒரு நாளைக்கு 100 ரூபாய். ஒரு வருடக் கணக்கை ஒரு வருடம் தள்ளினாலே 73,000. இப்போதே ஆர்.ஓ.சி. கோவைக்கு எழுத்தில் ஒரு கடிதம் கொடுங்கள், யார் கையெழுத்துப் போடவில்லை என்று.

மில்காரர் மகள்

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். எல்லோரும் பங்குதாரர், கடன்காரர் என்றே பேசுகிறீர்கள். என் அப்பா 27 வருடம் ஒரு மில்லில் வேலை பார்த்தார். முதலாளிகள் இரண்டு கட்சியாகிச் சண்டை போட்டார்கள், மில் நின்றுவிட்டது. கிராஜுவிட்டி இன்னும் வரவில்லை. தொழிலாளி கலைப்பு மனு போட முடியாதா? நூல்கண்டு அண்ணா, உங்கள் யூனிட்டில் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள்?

தாராபுரம் வக்கீல்

அக்கா, 272-ம் பிரிவில் தொழிலாளி பெயர் இல்லை. ஆனால் 1983-ல் வெளியான நேஷனல் டெக்ஸ்டைல் ஒர்க்கர்ஸ் யூனியன் தீர்ப்பு இருக்கிறது. உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு. தொழிலாளர் மனு போட முடியாவிட்டாலும், வேறு ஒருவர் போட்ட கலைப்பு மனுவில் தங்கள் பக்கத்தைச் சொல்ல உரிமை உண்டு என்று பெரும்பான்மை சொன்னது. அதோடு, சம்பளப் பாக்கிக்காகத் தொழிற்சங்கமே திவால் சட்டத்தின் 9-ம் பிரிவில் மனு போடலாம் என்று 2019-ல் ஒரு சணல் மில் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பதிவு செய்த சங்கம் இருந்தால் எல்லோருடைய பாக்கியையும் சேர்த்து அந்த ஒரு கோடியைப் பாருங்கள். கம்பெனி கிராஜுவிட்டிக்குத் தனி நிதி வைத்திருந்தால் அந்தப் பணம் கலைப்புச் சொத்தில் சேராது. நிதியே வைக்கவில்லை என்றால் என்ன ஆகும் என்பதில் தீர்ப்புகள் ஒன்று போல இல்லை. முதலில் அப்படி ஒரு நிதி இருந்ததா என்று விசாரியுங்கள்.

நூல்கண்டு, திருப்பூர்

22 பேருங்க அக்கா. அதுல ஆறு பேர் அப்பா காலத்து ஆட்கள்.

கோவை சி.எஸ்.

அந்த 22 பேரைப் பற்றி நானே சொல்லியிருக்க வேண்டும். தீர்ப்பாயம் கலைப்பு உத்தரவு போட்டால், லிக்விடேட்டர் தொழிலைத் தொடர்ந்து நடத்தினாலொழிய, அந்த உத்தரவே எல்லா ஊழியருக்கும் வேலைநீக்க நோட்டீஸ் ஆகிவிடும். வாலண்டரியில் நீங்கள் ஆட்களுக்கு முதலில் கணக்கு முடித்துவிட்டு மூடலாம். விற்பதற்கு வாங்குபவரைத் தேடலாம். கடன்காரர் இருக்கிற கம்பெனிக்கு 270 நாள் கெடு, யாருமே இல்லை என்றால் 90 நாள். வருமான வரித் துறையிடம் ஆட்சேபனையின்மைச் சான்று வாங்கத் தேவையில்லை என்று 2021 நவம்பரில் தெளிவாக்கிவிட்டார்கள். கட்டாயக் கலைப்பில் வேகமும் விலையும் உங்கள் கையில் இல்லை.

என் கருத்து இதுதான். மனுவைத் தயார் செய்யுங்கள், ஆனால் தாக்கல் செய்யும் முன் அதன் நகலை மாமாவுக்குக் காட்டுங்கள். ஆறு மாத விதி தன்னைக் காப்பாற்றும் என்று நம்பித்தான் அவர் உட்கார்ந்திருக்கிறார். அது இல்லை என்று தெரிந்தால் 59-க்கு வரலாம்.

தாராபுரம் வக்கீல்

ஒரு சந்தேகம் சார். 98-ம் பிரிவில் தீர்ப்பாயமே பொதுக்கூட்டம் கூட்ட உத்தரவிடலாம், ஒரே ஒரு பங்குதாரர் வந்தாலும் கூட்டம் என்று சொல்லலாம். அந்தக் கூட்டத்தில் நூல்கண்டு மட்டும் உட்கார்ந்து சிறப்புத் தீர்மானம் போட்டால்? வந்த ஓட்டில் நூற்றுக்கு நூறு.

கோவை சி.எஸ்.

கெட்டிக்காரத்தனமான யோசனை. ஆனால் சம பங்கு வைத்திருக்கும் இரண்டு பேரில் ஒருவருக்கு மேல்கை கொடுக்க அந்தப் பிரிவைப் பயன்படுத்தத் தீர்ப்பாயம் தயங்கும் என்றுதான் நான் நினைக்கிறேன். உத்தரவு வந்தாலும் மாமா அன்றைக்கு மட்டும் வந்து எதிர்த்து ஓட்டுப் போட்டுவிட்டால் முடிந்தது.

தாராபுரம் வக்கீல்

வந்தால் கோரம் ஆகிறதே சார். அதே கூட்டத்தில் கணக்கையாவது வைக்கலாமே?

கோவை சி.எஸ்.

கணக்கு கூட்டத்துக்கு வருமுன் போர்டு பாஸ் செய்ய வேண்டும். அங்கே மறுபடி அதே இரண்டு பேர். இதற்கு என்னிடம் சரியான பதில் இல்லை. இந்த வழியில் போய் ஜெயித்தவர் யாராவது இங்கே இருந்தால் எழுதுங்கள்.

நூல்கண்டு, திருப்பூர்

நேத்து சாயந்திரம் மாமா வீட்டுக்குப் போனேன். மனு நகல் இன்னும் ரெடியாகலை, 272-ம் பிரிவை மட்டும் பிரிண்ட் எடுத்து, வாரிசு வரியில பேனாவால கோடு போட்டுக் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுட்டு ரெண்டு தடவை படிச்சார். ஒண்ணும் பேசலை. அத்தைதான் காபி கொடுத்தாங்க. கிளம்பும்போது, "அந்த ஆறு பேருக்கு முதல்ல என்ன கொடுக்கிறதுன்னு கணக்குப் போட்டுட்டு வா"ன்னார்.

கிராஜுவிட்டி கணக்கை ஆடிட்டர்கிட்ட கொடுத்திருக்கேன். ஆவணி முடியறதுக்குள்ள ஒரு பதில் தெரியும். அதுவரைக்கும் மனுவும் பக்கத்துல தயாராகிட்டு இருக்கு.